தேடுசொல்: செயலிக் கடையின் மூன்று கட்டங்களும் அவற்றின் பெயர்களும்

தமிழ் கற்பிக்கும் செயலி ஒன்றை உருவாக்கி ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஏற்றுபவர், நிரலெழுதும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, `Name`, `Subtitle`, `Keywords` என்று பெயரிட்ட மூன்று சிறு கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. முதல் இரண்டுக்கும் தலா 30 எழுத்துக்குறிகள் இடமுண்டு, மூன்றாவதற்கு 100. இவற்றைத் தமிழில் விளக்குவோர் பொதுவாகத் தலைப்பு, துணைத்தலைப்பு, குறிச்சொல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதல் இரண்டில் பெரிய கேடில்லை. மூன்றாவது சொல் பொருத்தமில்லாதது என்பதோடு, அந்தக் கட்டத்தைத் தவறாக நிரப்பவும் வழிசெய்கிறது.

முதல் இரண்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் ‘டைட்டில்’ இலத்தீனின் ‘திதுலுஸ்’ என்பதிலிருந்து வந்தது. கல்லிலோ பலகையிலோ பொறிக்கப்பட்ட பெயர் அல்லது அறிவிப்பு என்பது அதன் பழைய பொருள். தமிழின் ‘தலைப்பு’ தலையில் நிற்பது என்ற இடப்பொருளில் பிறந்தது. சேலையின் முந்தானைக்கும் அதே சொல் வழங்குகிறது. ஆனால் ஆப்பிளின் கட்டம் தலைப்பைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கிறது. ஆகவே ‘செயலிப் பெயர்’ என்பதே அதற்கு நேரானது. ‘சப்டைட்டில்’ என்றவுடன் சிங்கப்பூர்த் தமிழர் நினைப்பது தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை. செயலிக் கடையில் அதே சொல் பெயருக்குக் கீழே நிற்கும் ஒற்றை வரியைக் குறிப்பதால், ‘துணைத்தலைப்பு’ என்பதைவிடத் ‘துணைவரி’ என்பது எனக்குத் தெளிவாகப் படுகிறது. இந்தத் துணைவரி 2017இல் ஐஓஎஸ் 11 உடன் வந்தது. அதே வேளையில்தான் பெயரின் நீளம் 50 எழுத்துக்குறியிலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. பெயருக்குள் விளம்பர வாசகத்தையே திணித்துவைத்திருந்தவர்கள் அதை இரண்டாகப் பிரித்து வைக்கவேண்டியதாயிற்று.

இனி மூன்றாவது கட்டம். ‘கீவேர்ட்’ என்பதன் ‘கீ’ திறவுகோல். மறையெழுத்தில் எழுதிய ஒரு செய்தியைப் படித்தறிய உதவும் சொல்லைக் குறிப்பது இதன் பழைய வழக்குகளில் ஒன்று. பின்னர் அச்சொல் நூலகத்துக்குள் நுழைந்தது. 1950களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைத் தலைப்புகளில் உள்ள பொருள்தாங்கிய சொற்களைக் கணினியால் பிரித்தெடுத்து, அவற்றைச் சுற்றியுள்ள சொற்களோடு அகரவரிசையில் அடுக்கும் முறையை உருவாக்கினார். அங்கே கீவேர்ட் என்பது எழுதியவரின் வரிக்குள் இருக்கும் சொல். இணையம் வந்தபோது பொருள் மறுபடியும் நகர்ந்தது. வலைப்பக்கத்தின் நிரலுக்குள், வாசிப்பவர் கண்ணில் படாதபடி, தேடுபொறிக்கென்றே சொற்களை எழுதிவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதை அளவின்றித் தவறாகப் பயன்படுத்தியதால், தன் தேடல் தரவரிசைக்கு அந்தப் பட்டியலைக் கணக்கில் கொள்வதில்லை என்று கூகல் 2009இல் வெளிப்படையாக அறிவித்தது. வலையில் மதிப்பிழந்த அந்த வழக்கம் ஆப்பிளின் கடையில் 100 எழுத்துக்குறிக் கட்டமாக இன்னும் உயிரோடு இருக்கிறது. கூகல் பிளேயில் இப்படிப்பட்ட கட்டமே இல்லை. அங்கே 30 எழுத்துக்குறிப் பெயர், 80 எழுத்துக்குறிச் சிறு விளக்கம், 4,000 எழுத்துக்குறி முழு விளக்கம் ஆகியவற்றிலிருந்துதான் தேடலுக்கான சொற்கள் எடுக்கப்படுகின்றன.

தமிழில் ‘கீவேர்ட்’ என்பதற்குத் திறவுச்சொல், குறிச்சொல், முதன்மைச்சொல் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ‘திறவுச்சொல்’ ஆங்கிலப் பகுதிகளை அப்படியே பெயர்த்தது. கேட்பவருக்குக் கடவுச்சொல் நினைவுக்கு வரும். ‘முதன்மைச்சொல்’ ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்துக்குக் கீழே எழுதப்படுவதற்குப் பொருந்தும். ‘குறிச்சொல்’ என்பது ஒரு பொருளின்மேல் ஒட்டப்படும் அடையாளம். படத்துக்கோ பதிவுக்கோ இடப்படுவது, வாசிப்பவர் பார்ப்பது, தட்டினால் அதே வகைப் பதிவுகளுக்குக் கொண்டுசெல்வது. செயலிக் கடையின் கட்டத்தில் எழுதுவதை வாங்குபவர் பார்ப்பதே இல்லை. அது செயலியின் அடையாளமன்று. யாரோ ஒருவர் தம் கைப்பேசியின் தேடல் பெட்டியில் தட்டெழுதக்கூடிய சொல். எனவே ‘தேடுசொல்’ என்பதே இதற்கு உரிய பெயர் என்பது என் கருத்து. ஊறுகாய், சுடுசோறு, தேடுபொறி ஆகியவற்றைப் போல இது வினைத்தொகை: தேடிய சொல், தேடுகின்ற சொல், தேடும் சொல் என முக்காலமும் இதற்குள் மறைந்து நிற்கின்றன. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘தேடுச்சொல்’ என்று ஒற்றிட்டு எழுதுவது பிழை. கட்டத்தைத் ‘தேடுசொற் கட்டம்’ எனலாம்.

பெயர் மாறினால் வேலை எப்படி மாறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டிச் சொற்களை வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் பழக்கும் செயலி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதற்குச் ‘சொற்கூடை’ என்று பெயரிடுவோம். ஆப் ஸ்டோரின் சிங்கப்பூர்க் கடைக்கு அடிப்படை மொழி பிரிட்டிஷ் ஆங்கிலம். எளிய சீனமும் உண்டு. இங்குள்ள பெற்றோரில் பலர் தமிழ்ச் செயலியைத் தேடும்போதும் ஆங்கிலத்தில்தான் தட்டெழுதுகிறார்கள். ஆகவே பிரிட்டிஷ் ஆங்கிலப் பதிவில் பெயரும் துணைவரியும் இவ்வாறு அமையலாம்:

```
Sorkoodai: Learn Tamil Words
Reading & Spelling for Kids
```

முதல் வரி 28 எழுத்துக்குறி, இரண்டாவது 27. குறிச்சொல் என்ற எண்ணத்தோடு ஒருவர் மூன்றாவது கட்டத்தை நிரப்பினால், செயலியை வருணிக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்குவார்:

```
tamil learning app, learn tamil, tamil words, kids tamil, primary tamil, psle tamil, tamil language
```

இது 99 எழுத்துக்குறி. பார்வைக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் `tamil` ஏழு முறை வந்து 35 இடங்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதுவோ பெயரிலேயே ஏற்கெனவே இருக்கிறது. `learn`, `words`, `kids` ஆகியவையும் மேலே இருக்கின்றன. `app` என்ற சொல்லை இட வேண்டாம் என்று ஆப்பிளே அறிவுறுத்துகிறது. காற்புள்ளிக்குப் பின் விட்ட ஆறு இடைவெளிகளுக்கும் எந்தப் பயனுமில்லை. கடைசியில் புதிதாகச் சேர்ந்தவை நான்கே சொற்கள்; அவற்றின் மொத்த நீளம் 27.

இந்தப் பிழைக்குக் காரணம், மூன்று கட்டங்களும் ஒரே குவியல் என்பதை மறந்ததுதான். பெயரிலும் துணைவரியிலும் தேடுசொற் கட்டத்திலும் உள்ள சொற்களைக் கடையின் தேடல் ஒன்றாகச் சேர்த்தே பார்க்கிறது. பெற்றோர் ஒருவர் `primary tamil` என்று தேடினால், கட்டத்தில் உள்ள `primary` என்பதும் பெயரில் உள்ள `tamil` என்பதும் இணைந்து அத்தேடலுக்கு விடையாகின்றன. ஆகவே சொற்றொடர்களை எழுத வேண்டியதில்லை. மேலே இல்லாத தனிச்சொற்களைக் காற்புள்ளியிட்டு, இடைவெளியின்றி எழுதினால் போதும்:

```
primary,language,vocabulary,letters,alphabet,card,mother,tongue,school,quiz,picture,தமிழ்
```

89 எழுத்துக்குறிகளில் பன்னிரண்டு சொற்கள், ஒன்றுகூட மேலே இல்லாதது. `mother`, `tongue` இரண்டையும் பிரித்து எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். இங்குள்ள பள்ளிகளில் தமிழ் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுவதால், அந்த இணைச்சொல் பெற்றோர் நாவில் இயல்பாக வருவது. `psle` நீக்கப்பட்டதற்குக் காரணம் வேறு. அது தொடக்கநிலை ஆறின் இறுதியில் எழுதும் தேர்வு. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கான சொற்செயலியில் அத்தேர்வுக்குரிய எதுவும் இல்லை. தேடுசொற்கள் செயலியைச் சரியாக விவரிக்க வேண்டும் என்பதும், பிறர் வணிகப்பெயர்களையோ புகழ்பெற்ற வேறு செயலிகளின் பெயர்களையோ திணிக்கக் கூடாது என்பதும் ஆப்பிளின் பரிசீலனை விதி 2.3.7இல் உள்ளவை. மொழிகற்றல் செயலிகளில் பெரிய பெயர்களை இக்கட்டத்தில் ஒளித்துவைக்கும் ஆசை பலருக்கு வருவதுண்டு. செயலி திருப்பி அனுப்பப்படுவதற்கு அதுவே போதும்.

கட்டத்தின் கடைசியில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே இட்டதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எழுத்துக்குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 15 பைட். ஆப்பிளின் குறிப்புகளில் இக்கட்டத்தின் வரம்பு ஓரிடத்தில் 100 எழுத்துக்குறி என்றும் இன்னோரிடத்தில் 100 பைட் என்றும் இருப்பதால், இரண்டு கணக்கிலும் அடங்குமாறு எழுதுவதே பாதுகாப்பு. மேலேயுள்ள வரி பைட் கணக்கில் 99. ‘எழுத்து’ என்ற சொல்லையும் சேர்த்திருந்தால் எழுத்துக்குறிக் கணக்கில் அடங்கும், பைட் கணக்கில் மீறும். கூகல் பிளேயில் தமிழ்ப் பதிவே தனியாக வைக்கலாம் என்பதால் அங்கு ‘சொற்கூடை: தமிழ் கற்போம்’ என்று பெயரிடலாம், இடைவெளியும் முக்காற்புள்ளியும் சேர்த்து நம் கண்ணுக்கு 14 ஆகத் தெரியும் இப்பெயர் யூனிகோடில் 23. முப்பது எழுத்து இருக்கிறதே என்று நீண்ட தமிழ்ப் பெயரைத் திட்டமிட்டு வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

தேடுசொற்களை நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. செயலியின் புதிய பதிப்பு ஒன்றைப் பரிசீலனைக்கு அனுப்பும்போதுதான் மாற்றலாம். ஒரு சொல் வேலை செய்கிறதா என்பதைச் சிங்கப்பூர்க் கணக்குள்ள கைப்பேசியில் `tamil vocabulary`, `mother tongue tamil` என்று தேடி, செயலி எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்த்தே அறியலாம். பட்டியலில் வரவே இல்லையென்றால் சொல் சேரவில்லை அல்லது போட்டி மிகுதி. முன்வரிசையில் வந்தும் ஆப் ஸ்டோர் தேடல் வழியாகப் பக்கத்தைப் பார்ப்போர் எண்ணிக்கை கூடவில்லையென்றால், அச்சொல்லைத் தேடுவோரே குறைவு என்று கொள்ளலாம். அடுத்த பதிப்பில் அந்த இடத்தை வேறு தேடுசொல்லுக்குக் கொடுத்துவிடலாம்.