படத்தில் இருப்பது சோழியா, சங்கா, கூம்புச் சங்கா?

கடற்கரையில் கிடந்த கடல் நத்தை ஓட்டைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதுகுப் பக்கத்தைத்தான் எடுப்பார்கள். நிறமும் புள்ளிகளும் அங்கேதான் அழகாகத் தெரியும். ஆனால் இனத்தைக் காட்டிக்கொடுப்பது வாய்ப் பக்கம்.

சோழியில் குழப்பம் குறைவு. அடிப்புறம் நெடுக ஓர் ஒடுங்கிய பிளவு, அதன் இரு ஓரங்களிலும் சின்னச் சின்னப் பற்கள், முதுகில் சுருள் எதுவும் தெரியாது. இளம் சோழிக்கு மட்டும் பற்கள் முளைத்திருக்காது, சுருளும் தெரியும்.

உண்மையான சிக்கல் கூம்பு வடிவ ஓடுகளில். ஐந்து சென்டிமீட்டர் நீளம், ஒருமுனை அகலம், மறுமுனை குறுகல், பழுப்புக் கோலம் என்று ஒரு படம் வருகிறது. பார்த்ததும் கூம்புச் சங்கு என்று சொல்லத் தோன்றும். வாய் தெரியும் படம் இருந்தால் வெளி உதட்டின் குறுகிய முனைப் பக்கம் பாருங்கள். அங்கே அலைபோல ஒரு வளைந்த பள்ளம் இருந்தால், அது கூம்புச் சங்கல்ல. ஐவிரல் சங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த விலங்கு தன் வலக் கண்ணை அந்தப் பள்ளம் வழியாகத்தான் நீட்டிப் பார்க்கும். அதே குடும்பத்தின் லுஹுவானஸ் இனம் இப்படித்தான் பலரை ஏமாற்றுகிறது; அதன் வாய் உள்ளே ஆரஞ்சாகவும், வாயின் உட்பக்க ஓரமான நடுத்தண்டு கருமையாகவும் இருக்கும். கூம்புச் சங்கின் வாயோ நெடுக ஒடுங்கி, பல்லும் பள்ளமும் இல்லாமல் இருக்கும்.

ஆனால் வாயைப் பார்க்க ஓட்டைத் திருப்ப வேண்டும். கூம்புச் சங்கு நஞ்சுள்ளது என்பதால் ஆபத்து அங்கேதான். கூம்புச் சங்கின் மூடி மிகச் சிறியது, வாயை அடைக்காது. அதனால் விலங்கு உள்ளே ஒடுங்கியிருந்தால் ஓடு காலியாகவே தெரியும். பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் வேட்டையாடும் உயிரி இது. உயிருள்ள ஓட்டின்மேல் படர்ந்த பழுப்புத் தோல் கோலத்தையும் மறைத்துவிடும்.

குறுகிய முனையிலிருந்து நீளும் தும்பிக்கை போன்ற உறுப்பின் நுனியில் உட்துளையுள்ள ஒரு பல் இருக்கிறது. அதை ஈட்டிபோல் பாய்ச்சி நஞ்சைச் செலுத்துகிறது. நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை நிறுத்துவதால் மீன் அப்படியே உறைந்துபோகும். அந்த உறுப்பு வளைந்து ஓட்டின் பின்பக்கத்தையும் எட்டும் என்பதால், அகலமான முனையைப் பிடித்தால் பாதுகாப்பு என்பது தவறு. கையுறையையும் நம்ப முடியாது. மனித உயிரிழப்புகளில் பெரும்பாலானவை ஜியோகிராஃபஸ் இனத்தால் நேர்ந்தவை. அதன் ஓடு மெலிது, வாய் மற்றவற்றைவிட அகலம்.

எனவே கூம்பு வடிவ ஓடு எதுவானாலும் கையில் எடுக்காமல், இருந்த இடத்திலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு தெரியும். சட்டைப் பையில் போடவே கூடாது.

குத்திவிட்டால் வலி இல்லாமலும் இருக்கலாம்; மரத்துப்போதல், இமை தொங்கல், இரட்டைப் பார்வை என்று தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். மாற்று மருந்து கிடையாது. காயத்தை வெட்டாமல், உறிஞ்சாமல், கை முழுவதும் அகலத் துணியால் இறுக்கமாகச் சுற்றி அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நஞ்சின் வேகம் குறையும்வரை நோயாளியை உயிருடன் வைப்பது அந்த மூச்சுதான்.