குரோம் டெப்புக்குள்ள கடை முழுக்கத் தெரியாம படம் எடுக்கிறது எப்படி?

கல்முனை, காத்தான்குடிப் பக்கம் ஹாட்வெயார் கடைக்காரர் ஃபேஸ்புக்கில போடுற பாத்ரூம் டெப் படங்களக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க, போன் புடிச்ச கை, சீலிங் ஃபேன், பெயின்ட் டின் அடுக்கு, றோட்டில நிக்கிற ஓட்டோ எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு உள்ளுக்க கிடக்கும். எவ்வளவு துடைச்சாலும் இது போகாது, ஏனெண்டா குரோம் ஒரு கண்ணாடி, அதில நாம பாக்கிறது சுத்தி இருக்கிற சாமானத்தான். அதால லைட்ட டெப்புக்கு நேர அடிச்சுப் பிரயோசனமில்ல, டெப்பில தெரியப்போற இடத்துக்கு அடிக்கணும்.

அது எந்த இடம்? 40 மில்லிமீற்றர் அகலமான உருண்டைக் குழாய் ஒண்ட எடுங்க. நடுக்கோட்டில கெமராவே தெரியும். அங்கயிருந்து பக்கமா நகர நகர, மேற்பரப்பு எவ்வளவு திரும்புதோ அதப்போல ரெண்டு மடங்கு பார்வை திரும்பும். நடுவில இருந்து 14 மில்லிமீற்றர் போனா மேற்பரப்பு 45 பாகை, பார்வை 90 பாகை, அதாவது நேர் பக்கச் சுவர். அப்ப நடுவில 28 மில்லிமீற்றருக்குள்ள கெமராப் பக்கத்து அரை அறையும், மிச்ச 6 மில்லிமீற்றர் ஓரங்கள்ல டெப்புக்குப் பின்னால இருக்கிற அரை அறையும் நெருக்கிக்கொண்டு நிக்கும்.

இது விளங்கினா மிச்சம் லேசு. டெப்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ள பிறிஸ்டல் போட்ட கிட்டத்தில நிப்பாட்டி, முன்பக்கமா வளைச்சு, கெமராவுக்கு மட்டும் சின்ன இடைவெளி விடுங்க, அது நடுவில ஒரு ஒல்லிக் கறுப்புக் கோடாத்தான் விழும், எனக்கு அது அழகாத்தான் தெரியுது. கெமராவத் தூர வச்சு சூம் பண்ணினா அந்தக் கோடு இன்னும் ஒல்லியாகும். ஒரு பக்க போட்டுக்குப் பதிலா ட்ரேசிங் பேப்பர் கட்டி, பின்னால பல்பக் கிட்ட வச்சா நடுவில வெளிச்சமாகி ஓரத்துக்கு மெல்ல மங்கும், அந்த மங்கல்தான் குழாய உருண்டையாக் காட்டுது. பல்பு நேராத் தெரிஞ்சா சும்மா ஒரு வெள்ளப் புள்ளிதான்.

பின்னணியும் வெள்ளையா இருந்தா ஒரு சிக்கல் வரும், ஓரத்து 6 மில்லிமீற்றரும் வெள்ளையாகி டெப் சுவரோட கரைஞ்சிரும். டெப்புக்குக் கொஞ்சம் பின்னால, படத்துக்குள்ள விழாம, ரெண்டு பக்கமும் கறுப்பு அட்டைப் பட்டி வைங்க, விளிம்பு கோடு போட்டமாதிரி எழும்பி வரும்.

மறுகா தண்ணி. டெப் வாயில இருக்கிற வலை காத்தக் கலந்து தண்ணிய நுரையாக்குது, அதக் கழட்டிப்போட்டு கொஞ்சமாத் திறந்தா தண்ணி குழம்பாம கண்ணாடிக் கம்பி போல இறங்கும். கூடத் திறந்தா முறுகிச் சிதறும், கீழ போகப் போக எப்படியும் துளியா உடையும், அதால வாய்க்குக் கிட்ட உள்ள பகுதிய மட்டும் ஃப்ரேமில வைங்க. அப்பவும் லேசா ஆடினா, கெமராவ ஸ்டேண்டில வச்சு ஷட்டர அரை செக்கன் திறந்து விடுங்க, ஆட்டமெல்லாம் ஒண்டாக் கலந்து பட்டு மாதிரி வரும். ஃப்ளாஷ் மட்டும் போடாதீங்க, அது தண்ணிய அந்தக் கணத்திலயே உறைய வச்சிரும்.