இன்ஃபோகிராஃபிக்: தகவல் படம் என்று சொல்லலாமா?

கருத்தாய்வு ஒன்று முடிந்ததும் அடுத்து வரும் வேண்டுகோள் பெரும்பாலும் இதுதான்: "முடிவையெல்லாம் ஒரே பக்கத்தில் இன்ஃபோகிராஃபிக்காகப் போட்டுக் கொடுங்கள்." செய்பவர் உடனே, பதினான்கு கேள்வி இருந்தால் பதினான்குக்கும் படம் போட்டு, ஒரு தாளில் நெருக்கி அடைத்துவிடுவார். இரண்டு பேர் மேலும் குறை இல்லை. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது தெளிவாக இல்லாததால் வரும் குழப்பம் இது. சரி, சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

இன்ஃபர்மேஷன், கிராஃபிக் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியதுதான் இன்ஃபோகிராஃபிக். முன்பாதியின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'உருக் கொடுத்தல்' என்பது அதன் பழைய பொருள். பின்பாதியின் வேர் கிரேக்கம். அந்த வினைக்கு எழுதுதல் என்றும் பொருள், வரைதல் என்றும் பொருள். ஒட்டுச்சொல் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. ஆனால் பொருள் அதைவிட மிகப் பழையது. வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில் பட்டை விளக்கப்படம் வந்துவிட்டது. 1801-இல் அவரே வட்ட விளக்கப்படத்தையும் கொண்டுவந்தார்.

என்றாலும் இந்தச் சொல்லின் பொருளைப் புரிந்துகொள்ள நான் போகும் இடம் 1920-களின் வியன்னா. அங்கே 1925-இல் ஓட்டோ நொய்ராத் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். சமூகம், பொருளாதாரம் பற்றிய எண்களைப் பொதுமக்களுக்குப் படமாகக் காட்டுவதே அதன் வேலை. பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்றது அந்த முறைதான். அந்தக் குழுவில் புள்ளிவிவர அறிஞர்கள் ஒரு பக்கம், ஓவியர்கள் ஒரு பக்கம். இடையில் மூன்றாவதாக ஒரு பொறுப்பு இருந்தது. எண்களைப் பார்த்து, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவு செய்பவர் அவர். 'உருமாற்றுபவர்' என்று பொருள்படும் பெயரால் அவரை அழைத்தார்கள். மரீ நொய்ராத் நெடுங்காலம் செய்த வேலை இது. ஓவியர் கோடு போடுவதற்கு முன்பே படத்தின் பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'வரை' என்ற நம் வினையை எடுத்துப் பாருங்கள். கோடு இழுப்பதும் வரைதல், கடிதம் எழுதுவதும் வரைதல். கிரேக்க வேருக்கு உள்ள இரண்டு பொருளும் இதில் அப்படியே இருக்கின்றன. அதோடு, அந்த வேரில் நான் காணாத ஒன்றும் இதில் இருக்கிறது: எல்லை. இதுவரை, வரையறை, வரம்பு இல்லாமல் கொடுப்பதைச் சொல்லும் 'வரையாது கொடுத்தல்' எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. வரைவது என்றால் எல்லை கட்டுவதும்தான். வியன்னாவின் அந்த உருமாற்றுபவர் செய்த வேலைக்கு இதைவிடப் பொருந்தும் வினை எனக்குத் தெரியவில்லை.

தமிழில் இன்ஃபோகிராஃபிக்குக்குப் புழங்கும் சொற்கள் மூன்று: தகவல் வரைகலை, விளக்கப்படம், தகவல் படம். விளக்கப்படம் இதற்கு ஒத்துவராது. பாடநூல்களில் வட்ட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம் என்று தனித்தனிப் படங்களுக்கு அது நிலைத்துவிட்டது. அவற்றில் இரண்டு மூன்றைத் தன்னுள்ளே வைத்திருக்கும் முழுப் பக்கத்துக்கு வேறு பெயர் வேண்டும். வரைகலை என்பது கலையின் பெயர். கணினி வரைகலை என்கிறோம் அல்லவா, அதுபோல. கையில் எடுத்துக் கொடுக்கும் ஒரு தாளை 'ஒரு வரைகலை' என்று சொல்ல நாக்கு தயங்குகிறது. ஆகவே கலைக்குத் தகவல் வரைகலை, அந்தக் கலையில் விளைந்த பக்கத்துக்குத் தகவல் படம். என் பரிந்துரை இதுதான்.

'தரவுப் படம்' என்று சொல்லாததற்கும் காரணம் உண்டு. கருத்தாய்வில் கிடைப்பது தரவு. அதிலிருந்து ஒருவருக்குச் சொல்லத்தக்கதாகப் பிரித்தெடுப்பதுதான் தகவல். இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் எளிதாகப் புரியும்.

ஒரு நூலகம் தன் உறுப்பினர்கள் 240 பேரிடம் 14 கேள்வி கேட்டதாக வைத்துக்கொள்வோம். நூலகத்துக்கு வரத் தடையாக இருப்பது எது என்பது ஒரு கேள்வி. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணமும் சொல்லலாம். நேரம் ஒத்துவரவில்லை என்றவர்கள் 132 பேர். இருக்கை கிடைப்பதில்லை என்றவர்கள் 84. தேடும் நூல் இல்லை என்றவர்கள் 60. தூரம் என்றவர்கள் 36. நேரம் ஒத்துவராத அந்த 132 பேரிடம் மட்டும் அடுத்த கேள்வி: எந்த நேரம் வேண்டும்? இரவு 9 மணி வரை என்று 99 பேர், காலை 7 மணிக்கே என்று 33 பேர்.

இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிர்வாகக் குழு எதை முடிவு செய்ய வேண்டும்? நூலக நேரத்தை மாற்றுவதா இல்லையா என்பதை. அப்படியானால் 14 கேள்வியில் இந்த இரண்டுக்குத்தான் இடம். வயது, பிடித்த பிரிவு, உறுப்பினராகி எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கட்டும். இந்த வெட்டு வலிக்கும். கேள்விகளை எழுதியவருக்கு இன்னும் வலிக்கும். ஆனால் இங்கே வெட்டாமல் எழுத்தின் அளவைச் சிறிதாக்கினால், பார்ப்பவர் எதையுமே படிக்க மாட்டார்.

அடுத்தது தலைப்பு. 'நூலக உறுப்பினர் கருத்தாய்வு முடிவுகள்' என்பது கோப்புறைக்குப் பொருத்தமான பெயர். தகவல் படத்துக்குத் தலைப்பு, கிடைத்த விடையாகவே இருக்க வேண்டும்: 'பாதிக்கு மேற்பட்டோருக்கு நூலக நேரம் ஒத்துவரவில்லை'. ஐந்தே சொல். அதன் கீழே பக்கத்திலேயே மிகப் பெரிய எழுத்தில் 55%. ஒட்டினாற்போல் சிறிதாக '240 பேரில் 132 பேர்'.

அதற்குக் கீழே நான்கு காரணங்கள். இங்கேதான் பலர் வட்ட விளக்கப்படத்துக்குப் போய்விடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள்: 55, 35, 25, 15. மொத்தம் 130. சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்லியிருப்பதால் நூறைத் தாண்டுகிறது. வட்டம் என்பது ஒரு முழுமையைப் பங்கு போடுவது. நூறைத் தாண்டிய கணக்கை அதில் போட்டால் மென்பொருள் கேட்காமலே விகிதத்தைச் சுருக்கிவிடும். பாதிக்கு மேற்பட்டோர் என்று தலைப்பு சொல்லும். படத்தில் அந்தத் துண்டு பாதிக்கும் குறைவாக, சுமார் 42 விழுக்காடாகத் தெரியும். இத்தகைய கேள்விக்குப் பட்டைதான் சரி.

பட்டையைப் படுக்கையாகப் போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிற்கும் பட்டைக்கு அடியில் 'இருக்கை கிடைப்பதில்லை' என்று எழுத இடம் போதாது, சாய்த்து எழுத நேரும், படிக்கக் கழுத்து வலிக்கும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஒரு விழுக்காட்டுக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் பட்டைகள் 110, 70, 50, 30 மில்லிமீட்டர். இடப்பக்கம் காரணத்தின் பெயருக்கும் வலப்பக்கம் எண்ணுக்கும் தாராளமாக இடம் மிஞ்சும். எல்லாப் பட்டையும் சுழியிலிருந்தே தொடங்க வேண்டும். 10-இலிருந்து தொடங்கினால் 55-க்கு 45 அளவும் 15-க்கு 5 அளவும் கிடைக்கும். உண்மையில் நான்கு மடங்குக்கும் குறைவான வேறுபாடு கண்ணுக்கு ஒன்பது மடங்காகத் தெரியும். முதல் பட்டைக்கு மட்டும் அடர்ந்த நிறம். மற்ற மூன்றுக்கும் சாம்பல் போதும். கண் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று அந்த ஒரு நிறமே சொல்லிவிடும். அம்புக்குறியோ வரிசை எண்ணோ தேவைப்படாது.

மூன்றாவது பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. 132-இல் 99 என்றால் 75%. மேலே 55% என்று பார்த்துவிட்டு வரும் கண், 'ஓ, நேரம் ஒத்துவராதவர்களை விட இரவு 9 மணி வரை கேட்பவர்கள் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும். மொத்த 240 பேரில் அவர்கள் சுமார் 41% தான். அதனால் இங்கே விழுக்காட்டையே எடுத்துவிட்டு நான்கு ஆள் உருவங்களை வைக்கலாம், மூன்று அடர்நிறத்தில், ஒன்று சாம்பலில். மேலே 'நேரம் ஒத்துவராத 132 பேரில்' என்று அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் '4-இல் 3 பேர்: இரவு 9 மணி வரை வேண்டும்'. ஓர் உருவத்துக்கு 33 பேர். கணக்கு மீதமில்லாமல் பொருந்துகிறது. மூன்று சின்ன உருவத்துக்குப் பதில் ஒரே பெரிய உருவத்தை மூன்று மடங்கு உயரத்தில் போடக் கூடாது. உயரத்தோடு அகலமும் வளர்ந்து, பரப்பு ஒன்பது மடங்காகிவிடும். அதிகம் என்றால் எண்ணிக்கையைக் கூட்டு, உருவத்தைப் பெரிதாக்காதே என்பது வியன்னாக் குழு பிடிவாதமாகக் காத்த விதி.

அடிக்குறிப்பு ஒரு வரி: எத்தனை பேரிடம், எப்போது கேட்டது, ஒன்றுக்கு மேற்பட்ட விடை சொல்லலாம் என்பது. இதைச் சிறிய எழுத்தில் வைக்கலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. இத்தனையும் சேர்ந்து பக்கத்தில் ஐம்பது சொல் அளவில் நிற்கும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விடுங்கள். மேல் வரியின் 'மூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

வாசிப்பு வரிசை சரியாக அமைந்ததா என்று பார்க்க, இந்த ஆய்வைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, படிக்கும் வரிசையில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் தலைப்பிலிருந்து 55-க்கும், அங்கிருந்து முதல் பட்டைக்கும், அப்புறம் ஆள் உருவங்களுக்கும் இறங்க வேண்டும். விரல் நேராக உருவங்களுக்குத் தாவினால் அவை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன என்று பொருள். தாளை வாங்கிக்கொண்டு, 'என்ன சொல்கிறது?' என்று கேளுங்கள். 'நேரம் பிரச்சினை, இரவில் திறந்திருக்கச் சொல்கிறார்கள்' என்ற விடை வந்தால் வேலை முடிந்தது. 'நூலகத்தைப் பற்றி ஏதோ ஆய்வு' என்று வந்தால் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். கடல், படை சேர்ந்து கடற்படை ஆவதுபோல, புணர்ச்சி விதிப்படி தகவற்படம் என்று சேர்த்தும் எழுதலாம். தவறில்லை. ஆனால் தகவல் என்ற சொல் கண்ணில் உடனே தெரிய வேண்டும் என்பதால் தகவல் படம் என்று பிரித்தெழுதவே நான் விரும்புகிறேன். அடுத்த முறை யாரிடமாவது இந்த வேலையைக் கேட்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முடிவுகளில் எதைக் காட்டுவது என்று முதலில் வரையறுத்துக்கொண்டு, ஒரு பக்கத் தகவல் படம் வரைந்து கொடுங்கள்."