கிக்-ஆஃப் பதிவில் அனுமானத்தை எப்படி எழுதுவது?

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலை, பழைய இருப்புக் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. தாமதம் எங்கே என்று பார்க்க என்னைப் பாதியில் அழைத்தார்கள். திட்டம் தொடங்கும்போது நடந்த கிக்-ஆஃப் கூட்டத்தின் பதிவு சுத்தமாகவே இருந்தது: வேலையின் எல்லை, பொறுப்புகள், மைல்கற்கள் எல்லாம் இருந்தன. அனுமானங்கள் பகுதியில் ஒரு வரி: "வாடிக்கையாளர் இருப்புத் தரவைத் தருவார்."

தரவு வந்தது. ஆனால் ஒரே போல்ட்டுக்கு மூன்று குறியீடுகள், சில இடங்களில் கிலோ, சில இடங்களில் எண்ணிக்கை. அதைச் சரிசெய்வது யார்? ஓசூரிலிருந்து வந்துபோகும் ஸ்டோர் மேலாளரைக் கேட்டேன். "அது மென்பொருள்காரங்க வேலைதானே சார்?" என்றார். அவர்களைக் கேட்டால், "தரவுன்னா சரியான தரவுதானே?" என்றார்கள். ஒரே வரிக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் இருந்தன.

அனுமானம் என்பது இன்னும் நடக்காத, ஆனால் திட்டம் நம்பியிருக்கிற விஷயம். அதனால் அதை எழுதும்போது நான்கு விஷயங்கள் வேண்டும்: எது, எந்த நிலையில், எப்போது, யார் பொறுப்பு. கூடவே, தவறினால் என்ன ஆகும் என்பதும். அந்த வரியை இப்படி மாற்றினோம்: "ஜூன் 20க்குள் பொருள் பட்டியல் எக்செல் கோப்பாக வரும், ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு, ஒரே அலகு. பொறுப்பு: ஸ்டோர் மேலாளர். தாமதமானால் ஜூலை 1இல் தொடங்கும் பயனர் சோதனை அத்தனை நாள் தள்ளிப்போகும்."

இதைப் படித்ததும் மேலாளர், "தனியா ஓராள் இல்லாம இதை முடிக்க முடியாது" என்றார். அந்தப் பேச்சு கிக்-ஆஃப் அன்றே வந்திருக்க வேண்டும். கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு அனுமானத்தையும் வாசித்து, "இது நடக்கலேன்னா?" என்று கேட்டால் வந்துவிடும். பொறுப்புக் கட்டத்தில் இரண்டு பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வேலையில் பலர் சேரலாம், பதில் சொல்பவர் ஒருவர்தான்.

அப்புறம், பதிவை யாருக்கு அனுப்புகிறோம் என்பது. பீன்யாவில் சர்வர் அமைத்தவர் மூன்றாவது தரப்பு. அவருடைய தேதியும் பதிவில் இருந்தது, மின்னஞ்சல் பட்டியலில் மட்டும் அவர் இல்லை. பார்க்காத தேதியை அவர் ஒப்புக்கொண்டதாக எப்படிச் சொல்வது? "மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதம்" என்று அடியில் எழுதுவது பல இடங்களில் வழக்கம். நான் அதை நம்புவதில்லை. ஒவ்வொரு தரப்பிடமிருந்தும் "சரி" என்று ஒரு வரி பதில் வாங்கிவிடுவேன்.

கிக்-ஆஃப் பதிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. கையெழுத்தான ஒப்பந்தத்தோடு இது முரண்பட்டால், பொதுவாக ஒப்பந்தம்தான் நிற்கும். தரவைச் சுத்தம் செய்வதை மென்பொருள் நிறுவனமே ஏற்பதாக முடிவானால், பதிவில் எழுதினால் போதாது. ஒப்பந்தம் சொல்லும் மாற்றக் கோரிக்கை வழியாகச் செலவும் நாளும் சேர்த்து ஒப்புதல் பெற வேண்டும். பழைய வரியை அழிக்காமல், மாற்றிய தேதியைப் பக்கத்தில் குறித்து வைக்கவும்.