வாந்தி, வயித்துப்போக்கு, கருத்தடை மாத்திரை: கொடைக்கு அப்புறம் வர்ற கேஸு

நம்ம பக்கம் கோயில் கொடை சீசன் வந்தா கிளினிக்குல வயித்தால போற கேஸு கூடும், கூடவே இன்னொரு கூட்டமும் வரும். மாலா-என் மாதிரி மாத்திரை போடுற பொண்ணுங்க, "டாக்டரம்மா, ஆன்டிபயாடிக் போட்டேன், அதனால மாத்திரை வேலை செய்யாதாமே, எல்லாரும் சொல்லுதாவ"ன்னு வருவாங்க. பெரும்பாலும் குத்தவாளி ஆன்டிபயாடிக் இல்ல, அந்த வாந்தியும் வயித்துப்போக்கும்தான்.

முக்கூடல் பக்கம் பீடி சுத்துற பொண்ணு ஒருத்தங்க கேஸ சொல்லுதேன், யாருன்னு தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்திதான் எழுதுறேன். செவ்வாய்க்கிழமை கொடை. ராத்திரி ஒன்பது மணிக்கு அட்டையில 15வது மாத்திரைய போட்டுருக்காங்க, பத்தரைக்கு வாந்தி. புதன், வியாழன் ரெண்டு நாளும் தண்ணியா போயிருக்கு, மெடிக்கல்ல ஓஃப்லாக்சசின்-ஆர்னிடசோல்ங்கிற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருக்காங்க. கருத்தடை மாத்திரையவும் விடாம போட்டாங்க, ஆனா உடம்புல சேரணுமே. வெள்ளிக்கிழமை சரியாகி 18வது மாத்திரை போட்டாச்சு, கொடைக்கு ஊருக்கு வந்த வீட்டுக்காரரோட அன்னைக்கு ராத்திரி சேர்ந்தும் இருந்துட்டாங்க. சனிக்கிழமை ரத்தம் பட ஆரம்பிச்சிருக்கு. "தூரம் வந்துட்டுன்னு நெனச்சு மாத்திரைய நிப்பாட்டிட்டேன், இனி அஞ்சாம் நாள்தான புது அட்டை?"ன்னு திங்கக்கிழமை வந்து கேக்காங்க.

அது தூரம் இல்ல. மாத்திரை குடல்ல ஏற ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வாந்தி வந்தா போடாத கணக்குதான் (ரெண்டு மணி நேரம்னு சில இடத்துல சொல்லுவாங்க, நான் மூணுன்னே வச்சுக்கச் சொல்லுவேன்), உடனே இன்னொன்னு போடணும். ஒருநாளுக்கு மேல தண்ணியா போனா அந்த நாள்களும் விட்டுப்போன கணக்குதான். ஒரு தடவ ரெண்டு தடவ இளகிப் போறதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். இவங்களுக்கு 15, 16, 17 மூணும் போச்சு, ஹார்மோன் சட்டுனு இறங்கினதும் கர்ப்பப்பை உள்சவ்வு தாங்காம உதிர்ந்து ரத்தமா வந்துட்டு, அவ்வளவுதான். இப்படி ரத்தம் பட்டா அட்டைய நிப்பாட்டக் கூடாது, அதே நேரம் ரத்தம் வந்துட்டுல்லா கர்ப்பம் இல்லன்னும் நம்பக் கூடாது.

வெள்ளிக்கிழமையில இருந்து விடாம போட்டிருந்தா அட்டையில மிச்சம் 18ல இருந்து 21 வரைக்கும் நாலு ஹார்மோன் மாத்திரைதான். கருமுட்டைய திரும்ப அடக்கி வைக்க ஏழு நாள் தொடர்ந்து வேணும். அதனால கலர் வேறயா இருக்கிற ஏழு இரும்பு மாத்திரைய விட்டுட்டு, 21 முடிஞ்ச மறுநாளே புது அட்டைய தொடங்கணும், மாத்திரை திரும்ப சேர ஆரம்பிச்சதுல இருந்து ஏழு நாளும் காண்டம். இதத்தான் யாரும் சொல்றதில்ல. உண்மையான ஆபத்து இடைவெளி நீளுறதுலதான் இருக்கு, ஹார்மோன் இல்லாத நாள் ஏழத் தாண்டினா முட்டை முழிச்சுக்கும். இவங்க அஞ்சாம் நாள் வரைக்கும் காத்திருந்தா அந்த ஏழு நாளத் தாண்டியிருக்கும்.

நல்லவேளை, முதல் ரெண்டு வாரம் ஒழுங்கா போட்டிருந்தாங்க, வெள்ளிக்கிழமை போட்ட ஒத்த மாத்திரைய கணக்குல சேர்க்காட்டாலும், அதுக்கு முன்னாடி கடைசியா சேர்ந்த மாத்திரை முந்தின திங்கக்கிழமை, வந்ததும் திங்கக்கிழமை, ஏழு நாளத் தாண்டல. அதனால இந்த நாள்களையே இரும்பு மாத்திரை வாரமா கணக்கு வச்சு அன்னைக்கு ராத்திரியே புது அட்டை தொடங்கச் சொன்னேன், ரத்தம் பட்டாலும் பரவால்ல. ஏழு நாள் காண்டம், மூணு வாரம் கழிச்சு ஒரு யூரின் டெஸ்ட், எமர்ஜென்சி மாத்திரை தேவைப்படல. இதே கதை அட்டையோட முதல் வாரத்துல நடந்து சேர்ந்தும் இருந்திருந்தா அந்த 72 மணி நேர மாத்திரைய கட்டாயம் கொடுத்திருப்பேன். சாதாரணமா இந்த மாதிரி ரத்தம் சொட்டு சொட்டா பட்டு சில நாள்ல நின்னுரும். அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையான வலி, தல சுத்தல், மயக்கம் வந்தா மட்டும் வீட்டுல உக்காராம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், குழாய்ல தங்கின கர்ப்பமா இருக்கலாம்.

சரி, ஆன்டிபயாடிக்குக்கு வருவோம். அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்கிளின், மெட்ரோநிடசோல் இதெல்லாம் மாத்திரையோட பலத்த குறைக்காது, அது வாந்தி பேதி கிளப்பினா மட்டும்தான் மேல சொன்ன கணக்கு. முன்னாடி எல்லாத்துக்கும் ஏழு நாள் காண்டம்னு டாக்டருங்களே சொன்னாங்க, அந்தப் பழக்கம்தான் இன்னும் ஓடுது. குறைக்கிறது ரிஃபாம்பிசின், அதாவது டிபி மருந்துல யூரின சிவப்பு ஆரஞ்சா மாத்துறது. அது ஈரல தூண்டிவிட்டு ஹார்மோன சீக்கிரம் கரைச்சிரும், நிப்பாட்டினப் பிறகும் நாலு வாரம் அந்த வேகம் இருக்கும். ரெண்டு மாத்திரையா போட்டா சரியாகிடுமான்னு கேக்காதீங்க, ஆகாது. டிபி மருந்து ஆரம்பிக்கும்போதே நர்சம்மாட்ட மாத்திரை போடுறத சொல்லிடுங்க, காப்பர்-டியோ மூணு மாச ஊசியோ மாத்திக்கலாம், ரிஃபாம்பிசின் அதுங்கள ஒண்ணும் செய்யாது.