பில்லிங்: துணி உருண்டை கட்டுறதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

புது டீசர்ட் வாங்கி நாலு தடவை துவைச்சதும் அக்குள் பக்கம், வயித்துப் பக்கம், பேக் தோள்ல உரசுற இடத்துல எல்லாம் குட்டிக் குட்டியா பஞ்சு உருண்டை வருமே, அதுக்கு துணி லைன்ல இருக்கிறவங்க சொல்ற பேரு பில்லிங். வீட்ல கேட்டா "உருண்டை உருண்டையா வருது", "பஞ்சு பஞ்சா வருது"ம்பாங்க, அதோட நிறைய பேரு "துணி பழசாயிடுச்சு, நைஞ்சுபோச்சு"ன்னும் சொல்லிடுவாங்க. இந்த ரெண்டாவது பேச்சுதான் தப்பு. நைஞ்சு போறது வேற, இது வேற.

மொதல்ல வார்த்தை எங்கேந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். லத்தீன்ல பிலான்னா பந்து, அதோட சின்ன வடிவம் பிலுலா, குட்டிப்பந்து. மாத்திரைக்கு பில்லுன்னு பேரு வந்தது இதுலேந்துதான், துணியில வர்ற குட்டி உருண்டைக்கும் அதே பேரு. டவல்லயும் வெல்வெட்லயும் நிமிந்து நிக்கிற நூலுக்கு பைல்னு சொல்றாங்கல்ல, அது பைலஸ்ங்கிற வேற லத்தீன் வார்த்தை, முடின்னு அர்த்தம். ரெண்டும் ஒரே வேருன்னு நினைக்கத் தோணும், ஆனா கிடையாது.

இப்ப உருண்டை எப்படி வருதுன்னு பாக்கணும், அது தெரியாம தமிழ்ப்பேரு வைக்க முடியாது. நூல்ங்கிறது ஒரே நீள இழை இல்ல, குட்டிக் குட்டி இழைகளை சேத்து முறுக்குனது. நம்ம பக்கம் மில்லுக்கு வர்ற சாதாரண பஞ்சுல ஒரு இழை 28, 29 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒவ்வொரு இழைக்கும் ரெண்டு முனை உண்டு, அதுல கொஞ்சம் முறுக்குக்குள்ள அடங்காம வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். துணி உரச உரச இன்னும் இழை வெளிய வந்து மேல ஒரு மென்மயிர் படலம் உண்டாகும், இது மொதல் கட்டம். அந்த மயிரெல்லாம் ஒன்னோட ஒன்னு சிக்கி, அழுக்கையும் வாஷிங்மெஷின்ல மிதக்கிற வேற துணி பஞ்சையும் கூட சேத்துக்கிட்டு உருண்டையாகும், இது ரெண்டாவது கட்டம். உருண்டையை துணியோட பிடிச்சு வெச்சிருக்கிறது சில இழைகள்தான், அதோட இன்னொரு முனை இன்னும் நூலுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். மூணாவது கட்டம் அந்தப் பிடி அறுந்து உருண்டை உதிர்றது. துணி என்ன துணின்னு காட்டிக்குடுக்கிறது இந்த மூணாவது கட்டம்தான்.

காட்டன் இழைக்கு பலம் கம்மி, அதனால பிடி சீக்கிரம் அறுந்து உருண்டை தானா விழுந்துடும், கொஞ்ச நாள்ல வெளிய வர்ற அளவுக்கு லூசா இருந்த இழையெல்லாம் தீந்து துணி திரும்ப ஓரளவு சுத்தமாயிடும். பாலியஸ்டர் இழை அவ்வளவு லேசுல அறுந்து போகாது. அதனால பிசி துணி, அதாவது பாலியஸ்டர் காட்டன் கலந்தது, இந்த விஷயத்துல ரொம்ப மோசம். காட்டன் மயிரை எல்லாம் பாலியஸ்டர் இழை கட்டிப்பிடிச்சு வெச்சுக்கும், உருண்டை வரும் ஆனா போகாது. பாலியஸ்டர் நல்ல பலமான இழைங்கிறதுதான் இங்க பிரச்சனையே. இதுக்காகவே இழை கம்பெனிங்க லோ பில் பாலியஸ்டர்னு ஒன்னு செய்றாங்க, அதுல பலத்தை வேணும்னே குறைச்சிருப்பாங்க, உருண்டை வந்தாலும் அறுந்து விழட்டும்னு.

அடுத்தது இழை நீளம். ஒரே எடை பஞ்சுல 28 மில்லிமீட்டர் இழைக்குப் பதிலா 14 மில்லிமீட்டர் இழையா இருந்தா முனைகளோட எண்ணிக்கை ரெண்டு மடங்கு, அவ்வளவு மயிர் வெளிய நீட்ட வாய்ப்பு. திருப்பூர்ல கோம்டு நூலா கார்டட் நூலான்னு கேக்குறது இதுக்குத்தான். கோம்டுன்னா குட்டை இழையை சீவி எடுத்தது, நூறு கிலோவுக்கு 15லேந்து 20 கிலோ வரைக்கும் கழிவாப் போகும், அதான் விலை ஜாஸ்தி. நம்ம சுவின் பருத்தி மாதிரி மிக நீள இழைப் பஞ்சுல நூத்தா உருண்டை ரொம்ப கம்மி, ஆனா அது கிடைக்கிறதே அபூர்வம்.

மூணாவது முறுக்கு. முறுக்கு ஜாஸ்தியா இருந்தா இழை இறுகி நிக்கும், ஆனா துணி கொஞ்சம் முரடா இருக்கும். பனியன் துணிக்கு மென்மை வேணும்னு ஹோசியரி நூல்ல முறுக்கை குறைச்சுதான் போடுவாங்க, அதுக்கு மேல பின்னல் துணிங்கிறதால வளையம் வளையமா தொளதொளன்னு இருக்கும், இழை நகர இடம் நிறைய. கடையில தடவிப்பாத்து "ஆஹா மெத்துமெத்துன்னு இருக்கே"ன்னு வாங்குற துணிதான் பெரும்பாலும் மொதல்ல உருண்டை கட்டும்ங்கிறது இதனாலதான். விலை பாத்து ஏமாறவும் கூடாது, காஷ்மீர் ஆட்டு ரோமத்துல செஞ்ச ஸ்வெட்டர் எவ்வளவு விலை, அதுவும் உருண்டை கட்டும், ஏன்னா அந்த இழை மெல்லிசு, நீளம் கம்மி, முறுக்கும் லேசு. வேட்டியில இந்தத் தொல்லை ஏன் இல்லன்னா அது பாவும் ஊடையும் இறுகி நெய்தது, கஞ்சி போட்டா நீட்டிக்கிட்டிருக்கிற மயிரும் ஒட்டி அமுங்கிடும்.

திருப்பூர்ல பயோவாஷ்னு ஒன்னு சொல்வாங்க, டீசர்ட் விளம்பரத்துலயும் அந்த வார்த்தை வரும். செல்லுலேஸ்ங்கிற என்சைமை லேசா புளிப்பு ஏத்துன தண்ணியில, 50லேந்து 55 டிகிரி சூட்டுல, முக்கால் மணிலேந்து ஒரு மணி நேரம் துணியோட ஓடவிடுவாங்க, அது வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற காட்டன் மயிரை மட்டும் அரிச்சு எடுக்கும். முடிஞ்சதும் சூடு ஏத்தியோ காரம் போட்டோ என்சைமை சாகடிக்கணும், இல்லேன்னா துணிக்குள்ளயும் அரிச்சுக்கிட்டே போகும். நல்லா செஞ்சாலே எடையில 3லேந்து 5 சதவீதம் போயிடும், பலமும் கொஞ்சம் குறையும், ஓவரா செஞ்சா லேசா இழுத்தாலே கிழியும். இன்னொன்னு, அந்த என்சைம் பாலியஸ்டரை தொடாது, அதனால பிசி துணியில பயோவாஷ்னு போட்டிருந்தா பாதி வேலைதான் நடந்திருக்கும்னு வெச்சுக்கலாம்.

எக்ஸ்போர்ட்ல இதை அளந்தே பாக்குறாங்க. ஐஎஸ்ஓ 12945ல ஒரு முறை என்னன்னா, துணியை ரப்பர் மாதிரியான குழாய்ல மாட்டி, உள்ள கார்க் ஒட்டுன பெட்டிக்குள்ள போட்டு நிமிஷத்துக்கு 60 சுத்து வீதம் மணிக்கணக்கா உருட்டுவாங்க. அப்புறம் 5லேந்து 1 வரைக்கும் மார்க், 5னா ஒன்னுமே இல்ல, 1னா துணி முழுக்க உருண்டை. நிறைய பையர் 3-4 இல்லாட்டி 4 வேணும்பாங்க.

வீட்டுல கையில இருக்கிற துணியை எப்படி படிக்கிறதுன்னு ஒரு உதாரணம். நேவி ப்ளூ டீசர்ட், மேல வெள்ளை வெள்ளையா உருண்டைன்னு வைங்க. செல்லோடேப்பை ஒட்டி எடுங்க. சுலபமா வந்துட்டா அது உருண்டையே இல்ல, கூட துவைச்ச வெள்ளை டவலோட பஞ்சு. வரலேன்னா ஒன்னை நகத்தால பிடிச்சு மெதுவா இழுங்க, துணியும் கூட கூடாரம் மாதிரி எழும்புதா, அப்ப நிஜமான உருண்டைதான், பிடி இழை இருக்கு. சட்டுனு அறுந்து கையோட வந்தா காட்டன் பக்கம், இழுக்க இழுக்க நீண்டுக்கிட்டே வந்து விடாம நின்னா பாலியஸ்டர் பக்கம். சந்தேகம் தீரலேன்னா நாலஞ்சு உருண்டையை கத்திரியால வெட்டி எடுத்து, இடுக்கியில பிடிச்சு, தண்ணிக்கு பக்கத்துல வெச்சு கொளுத்திப் பாருங்க. பேப்பர் எரிஞ்ச வாசனையோட உதிர்ற சாம்பலானா காட்டன், சுருங்கி உருகி கெட்டியா கருப்பு மணி மாதிரி நின்னா பாலியஸ்டர் இருக்கு. லேபிள்ல நூறு சதவீதம் காட்டன்னு போட்டு இங்க கருப்பு மணி வந்தா, என்னத்த சொல்ல.

உருண்டையை கையால பிய்க்காதீங்க, உள்ள இருக்கிற இழையையும் சேத்து இழுத்து அடுத்த உருண்டைக்கு நீங்களே விதை போடுறீங்க. பேட்டரியில ஓடுற ஷேவர் இருக்கே, அதால வெட்டுறது பரவால்ல. துவைக்கும்போது உள்பக்கத்தை வெளிய திருப்புங்க, ஜீன்ஸோட சேத்து போடாதீங்க. துணி மென்மையா இருக்கணும்னு சாஃப்ட்னர் ஊத்துறதும் இதுக்கு எதிரிதான், இழை வழுக்கி இன்னும் சுலபமா வெளிய வரும்.

இப்ப தமிழ்ப்பேருக்கு வரலாம். மொதல் கட்ட மயிருக்கு நம்மகிட்ட சுணைன்னு அருமையான வார்த்தை இருக்கு, கரும்புத் தோகையிலயும் மூங்கில்லயும் இருக்கிற அந்த நுண்மயிர். துணி சுணை விடுதுன்னா யாருக்கும் புரியும். உருண்டைக்கு சிலர் நூலுருண்டைன்னு எழுதுறாங்க, அது கண்டுல சுத்துன நூலுக்கு சொல்றது, ஒத்துவராது. எனக்குப் பிடிச்சது இழைத்திரள். சிதறிக் கிடந்தது தானா ஒன்னு சேந்து கட்டியாகுறதைத்தான் திரள்றதுன்னு சொல்றோம், வெண்ணெய் திரள்றது அப்படித்தானே, பில்லிங்ல நடக்கிறதும் அதே. பேச்சுல "துணி திரள் கட்டுது"ன்னு சொல்லிப்பாருங்க, நல்லாவே வருது.

துணியில வர்ற மத்த மாத்தங்களையும் இதோட குழப்பிக்க வேணாம். பிசிறுங்கிறது வெட்டுன ஓரத்துல, மடிப்புல நூல் பிரிஞ்சு நிக்கிறது, ஓரம் சரியா அடிக்கலேன்னு காட்டும். பழைய தமிழ்ல பிசிர்னா அலை உடையிறப்ப தெறிக்கிற துளி, ரெண்டும் சொந்தம்னுதான் எனக்குத் தோணுது. நைஞ்சு போறது துணியே மெலிஞ்சு இழை குறையிறது, அதுதான் நிஜ வயசு, முழங்கையிலயும் காலர் மடிப்புலயும் வரும், அதுக்கும் அடுத்த கட்டம் இத்துப்போறது, எழுத்துல இற்றுப்போதல். சாயம் வெளுக்கிறது இழையைப் பத்தி அவ்வளவா பேசாது, சாயத்தைப் பத்திதான் பேசும். ஜீன்ஸ் மடிப்புல வெள்ளையா வர்றது ஏன்னா இண்டிகோ நூலோட வெளிவட்டத்துல மட்டும்தான் ஏறியிருக்கும், நடுவுல வெள்ளைதான்.

பழுப்பு ஏறுறதுல மட்டும் ஒரு விசித்திரம் இருக்கு. போடவே போடாத வெள்ளைச் சட்டை பீரோவுல பாலித்தீன் கவரோடவே இருந்து மஞ்சளாகும். சில பாலித்தீன்ல BHTன்னு ஒரு ரசாயனம் கெடாம இருக்க சேத்திருப்பாங்க, அது காத்துல இருக்கிற வண்டிப்புகை வாயுவோட சேந்து மஞ்சளா துணியில இறங்கும். இந்த வகை மஞ்சள் வெயில்ல போட்டா பெரும்பாலும் போயிடும், வியர்வையும் எண்ணெயும் ஏறுன காலர் மஞ்சள் அப்படி போகாது. அதனால மஞ்சளைப் பாத்ததும் ப்ளீச்சை எடுக்காம, கவரைக் கழட்டி எறிஞ்சுட்டு மொதல்ல ஒரு பகல் வெயில்ல போட்டுப் பாருங்க.