ஒரே எண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. கணக்கு பார்க்கும் பெண் எக்செலில் A2 கட்டத்தில் 4501 என்று ரசீது எண்ணை அடிக்கிறார். அதிலிருந்து முந்நூறு வரிசைக்கு எண் வேண்டும். கட்டத்தின் வலதுபக்கக் கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்து இழுக்கிறார். மேலிருந்து கீழ்வரை 4501, 4501, 4501. "போன வாரம் தேதி போட்டப்ப தானா மாறிச்சுண்ணா, இது மட்டும் ஏன் மாறல?" என்று கேட்கிறார். சரியான கேள்வி. பதிலும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

இழுக்கும்போது எக்செல் பார்ப்பது, நாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கட்டங்களை மட்டுமே. அதில் தேதி இருந்தால், அடுத்து வருவது மறுநாள் என்று வைத்துக்கொள்கிறது. 'பில் 101' என்று எழுத்தோடு எண் சேர்ந்து வந்தாலும் 102, 103 என்று தொடர்கிறது. வெறும் 4501 அப்படியல்ல. அது ரசீது எண்ணாக இருக்கலாம், ஒரு பொருளின் விலையாகவும் இருக்கலாம். விலையாக இருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ரூபாய் கூடுவது பெரிய ஆபத்து. அடுத்த எண் எவ்வளவு கூட வேண்டும் என்பதை ஒற்றை எண் சொல்வதில்லை. அதனால் எக்செல் அதை அப்படியே நகலெடுக்கிறது.

ஆகவே கூடுதல் எவ்வளவு என்பதை நாம்தான் காட்ட வேண்டும். A2-வில் 4501, A3-ல் 4502 அடித்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு இழுத்தால் 4503 வரும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டையும் அடித்துவிட்டு, கீழே உள்ள கட்டத்தை மட்டும் பிடித்து இழுப்பார்கள்; எல்லா இடத்திலும் 4502 விழும். இன்னொரு வழி, ஒற்றை எண்ணை Ctrl விசையை அழுத்திக்கொண்டே இழுப்பது. அப்போது ஒவ்வொன்றாகக் கூடும். சுட்டியின் பொத்தானை விட்ட பிறகுதான் Ctrl-இலிருந்து கை எடுக்க வேண்டும். தேதிக்கு இதே விசை நேர்மாறாக வேலை செய்யும்: தொடராமல் நகலெடுக்கும். லிப்ரே ஆபிஸில் பழகியவர்களுக்கும் குழப்பம் வரும். அங்கே ஒற்றை எண்ணை வெறுமனே இழுத்தாலே கூடும், Ctrl அழுத்தினால்தான் நகல்.

இத்தனையும் சரியாகச் செய்தும் எண் கூடவில்லை என்றால், நான் முதலில் பார்ப்பது இடது ஓரத்து வரிசை எண்களை. அவை நீல நிறத்தில், 2, 7, 15 என்று தாவித் தாவி இருந்தால் ஃபில்டர் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் இருக்கும்போது எக்செல் தொடராக நிரப்பாது, நகல் மட்டுமே எடுக்கும். ஒரே வாடிக்கையாளரின் வரிசைகளுக்கு மட்டும் எண் போட வேண்டுமென்றால், ஃபில்டரை எடுத்துவிட்டு, பெயர்வாரியாக வரிசைப்படுத்தி, அவை ஒன்றாக வந்த பிறகு இழுப்பதே நல்லது. பார்வைக்கு வரிசை எண் மட்டும் போதுமென்றால், பெயர் B நிரலில் இருக்கும்போது, ஃபில்டர் போடும் முன்பே இதை 2-ஆம் வரிசையில் இட்டு கீழ்வரை இழுத்துவிடலாம்:

```
=SUBTOTAL(103,B$2:B2)
```

கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் இது எண்ணும். ஃபில்டர் மாறினால் எண்ணும் மாறிவிடும். அதனால் ரசீது எண்ணுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. அடித்துக் கொடுத்த ரசீதின் எண் கணக்கில் வேறாக நிற்கும்.

சில கணினிகளில் இழுப்பதற்கு அந்தச் சதுரமே இருக்காது. Ctrl அழுத்தித் தனித்தனி இடங்களில் கட்டங்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது மறையும். வேறொரு கட்டத்தைச் சொடுக்கினால் திரும்பிவிடும். ஒற்றைக் கட்டத்திலும் வரவில்லை என்றால் அமைப்பை யாரோ அணைத்திருக்கிறார்கள். File, Options, Advanced என்று போனால், Editing options பகுதியில் Enable fill handle and cell drag-and-drop என்ற வரி இருக்கும். அதில் குறி இட்டு OK கொடுத்தால் போதும்.

முந்நூறு வரிசை இழுப்பதற்குச் சதுரம் தேவையே இல்லை என்பது என் கருத்து. கை நழுவினால் முந்நூறு வரிசையைத் தாண்டிப் போய்விடும். 4501 இருக்கும் கட்டத்தில் நின்று, Home தாவலில் Fill, அதில் Series. வரும் பெட்டியில் Columns, Linear இரண்டையும் தேர்ந்தெடுத்து, Step value-வில் 1, Stop value-வில் 4800 என்று கொடுத்தால் A301 வரை நிரம்பி நின்றுவிடும்.